மாதம் 800 வெள்ளி மிச்சம்: வீட்டுக் கடனிலா, முதலீட்டிலா?

*கேள்வி: நானும் கணவரும் பட்டர்வொர்த்தில் இருக்கிறோம். எனக்கு 30 வயது, அவருக்கு 33. 2023 தொடக்கத்தில் 465,000 வெள்ளிக்கு ஒரு பழைய தரைவீட்டை வாங்கினோம். 35 ஆண்டுக் கடன்; இன்னும் சுமார் 400,000 பாக்கி. மாதத் தவணை 1,850. வட்டி எஸ்பிஆர் கூட்டல் 1.25 விழுக்காடு. அவர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் 6,000 வெள்ளி சம்பளத்தில் இருக்கிறார், எனக்கு 4,200. ஆயுள் காப்புறுதிக்கு அவர் மாதம் 100 கட்டுகிறார். செலவெல்லாம் போக மாதம் 800 மிஞ்சுகிறது; கையில் 18,000 சேமிப்பு. மிச்சத்தைக் கடனில் போட்டுச் சீக்கிரம் அடைத்துவிடலாம் என்பது என் ஆசை, மாமனாரும் அதையே சொல்கிறார். கணவரோ இபிஎஃப் கடன் வட்டியைவிட அதிகம் தருகிறது, அங்கே போடலாம் என்கிறார். அவருடைய நண்பர் யூனிட் டிரஸ்டில் போடச் சொல்கிறார். இரண்டு ஆண்டுக்குள் குழந்தை பெற்றுக்கொள்ளவும் எண்ணம். யார் சொல்வது சரி?*

வணக்கம் சகோதரி,

நீங்கள் எழுதாமல் விட்ட ஒரு தகவல்தான் இதில் பாதியைத் தீர்மானிக்கிறது. உங்கள் கடன் எந்த வகை? நம் நாட்டு வங்கிகள் வீட்டுக் கடனை மூன்று விதமாகத் தருகின்றன. சாதாரணத் தவணைக் கடன் ஒன்று, செமி ஃபிளெக்ஸி ஒன்று, ஃபுல் ஃபிளெக்ஸி ஒன்று. கடன் வாங்கும் நாளில் முகவர் சொல்லியிருப்பார். கையெழுத்துப் போடும் அவசரத்தில் அது காதில் விழுந்திருக்காது. வங்கி தந்த ஆஃபர் லெட்டரை எடுத்து, கூடுதலாகக் கட்டும் பணத்தைப் பற்றிய பகுதியைத் தேடிப் படியுங்கள்.

சாதாரணக் கடனில், தவணைக்கு மேல் நீங்கள் செலுத்தும் பணத்தைச் சில வங்கிகள் 'அட்வான்ஸ் பேமெண்ட்' என்று ஒதுக்கி வைக்கும். அடுத்தடுத்த மாதத் தவணையை முன்கூட்டியே கட்டிவிட்டீர்கள் என்று அதற்குப் பொருள். நீங்கள் 10,000 வெள்ளி போட்டால், 1,850 வீதம் ஐந்து மாதத் தவணை கட்டியாயிற்று என்று கணக்கில் நிற்கும். வட்டி மட்டும் பழைய பாக்கித் தொகைக்கே ஓடிக்கொண்டிருக்கும். அசலில் கழிக்க வேண்டுமென்றால், இது அசலைக் குறைப்பதற்கான பணம் என்று வங்கிக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். அப்படிக் கழித்த பணத்தைத் திரும்ப எடுக்கவும் முடியாது.

செமி ஃபிளெக்ஸியில் கூடுதல் பணம் தானாகவே அசலுக்கு எதிராக நிற்கும், அன்றிலிருந்தே வட்டி குறையும். தேவைப்பட்டால் விண்ணப்பம் கொடுத்துத் திரும்ப எடுக்கலாம். அதற்கு ஒவ்வொரு முறையும் ஒரு கட்டணம், குறைந்தபட்சத் தொகை, சில நாள் காத்திருப்பு எல்லாம் வங்கிக்கு வங்கி மாறும். ஃபுல் ஃபிளெக்ஸியில் கடனோடு ஒரு நடப்புக் கணக்கு இணைந்திருக்கும். அதில் கிடக்கும் பணம் அன்றன்றைக்கு வட்டியைக் குறைக்கும், வேண்டும்போது சாதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். இதற்கு வங்கிகள் பெரும்பாலும் மாதாந்திரக் கட்டணம் பிடிக்கும்.

ஆஃபர் லெட்டரைப் படித்தும் புரியவில்லை என்றால், ஒரு சோதனை இருக்கிறது. உங்கள் கடனுக்கு வட்டி நாள் கணக்கில் போடப்படுகிறது: பாக்கி, பெருக்கல் ஆண்டு வட்டி, வகுத்தல் 365, பெருக்கல் மாதத்தின் நாட்கள். எஸ்பிஆர் 2.75, அதோடு உங்கள் 1.25ஐச் சேர்த்தால் உங்கள் வட்டி 4 விழுக்காடு. 400,000 பாக்கிக்கு 4 விழுக்காட்டில் 30 நாள் மாதத்தின் வட்டி 1,315 வெள்ளி வரும். 10,000 வெள்ளியைக் கடன் கணக்கில் போட்ட பிறகு அதே 30 நாளுக்கு 1,282 வெள்ளிதான் வர வேண்டும். அடுத்த அறிக்கையில் வட்டி வரி ஏறக்குறைய 33 வெள்ளி இறங்கியிருந்தால் பணம் அசலுக்கு எதிராக வேலை செய்கிறது. (மாதாமாதம் அசல் கொஞ்சம் கழிவதால் இன்னும் ஒன்றிரண்டு வெள்ளி குறையலாம்.) வட்டி அப்படியே இருந்து, 'அடுத்த தவணை: 0' என்று வந்தால் பணம் முன்பணமாக உட்கார்ந்திருக்கிறது. உடனே வங்கிக்கு எழுதுங்கள்.

இது ஏன் அவ்வளவு முக்கியம்? செமி ஃபிளெக்ஸி கடனில் போட்ட பணம் உங்கள் கையை விட்டுப் போய்விடவில்லை. அது 4 விழுக்காடு வட்டி தரும் சேமிப்புக் கணக்கைப் போல நிற்கிறது, அந்த 4 விழுக்காட்டுக்கு வருமான வரியும் கிடையாது. கடனில் போடுவதா முதலீட்டில் போடுவதா என்று இன்றே முடிவு செய்து பூட்டிவிட வேண்டிய அவசியம் இல்லாமல் போகிறது. இன்று கடனில் போட்டு, மூன்று ஆண்டு கழித்து மனம் மாறினால் எடுத்து வேறு இடத்தில் போடலாம். சாதாரணக் கடனுக்கு இந்த வசதி இல்லை. அதற்கான வழியைப் பின்னால் சொல்கிறேன்.

இனி உங்கள் ஆசைக்கு வருவோம். மாதம் 800 வெள்ளியை விடாமல் கடனில் போட்டால், 4 விழுக்காடு வட்டி மாறாது என்று வைத்துக்கொண்டால், மீதமுள்ள 32 ஆண்டுக் கடன் பதினேழரை ஆண்டில் முடிந்துவிடும். வட்டியில் ஏறக்குறைய 152,000 வெள்ளி மிச்சம். எந்தக் கடன் கணிப்பானில் போட்டாலும் இந்தப் பெரிய எண்தான் முதலில் கண்ணில் படும். உங்கள் மாமனார் நினைப்பதும் இதுவாகத்தான் இருக்கும், அதில் தவறில்லை. ஆனால் இந்த எண்ணை வைத்து முதலீட்டோடு ஒப்பிட முடியாது. ஏனென்றால் அதே 800 வெள்ளியை வேறெங்காவது போட்டாலும் இத்தனை ஆண்டில் அதுவும் வளரும்.

சரியான ஒப்பீடு இப்படி இருக்க வேண்டும். பதினேழரை ஆண்டு கழித்து, கடனை அடைத்த வீட்டில் பாக்கி பூஜ்யம். அடைக்காத வீட்டில், ஒழுங்காகத் தவணை மட்டும் கட்டிவந்திருந்தால், பாக்கி சுமார் 243,000 வெள்ளி இருக்கும். அப்போது அடைக்காதவரின் கையில் முதலீடு எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். மாதம் 800 ஆண்டுக்கு 5.5 விழுக்காடு வளர்ந்திருந்தால் 278,000 வெள்ளி. அதிலிருந்து 243,000 கடனை அடைத்தால் 35,000 வெள்ளி மிச்சம்; கணவர் சொல்வது அந்த அளவுக்குச் சரி. ஆண்டுக்கு 3 விழுக்காடு தரும் வைப்புத் தொகையில் போட்டிருந்தால் 220,000தான் சேர்ந்திருக்கும், 23,000 வெள்ளி பற்றாக்குறை. சரியாக 4 விழுக்காடு என்றால் இரண்டும் சமம்.

ஆக, நீங்கள் இருவரும் வாதாடுவது 152,000 வெள்ளிக்காக அல்ல. பதினேழரை ஆண்டின் முடிவில் 35,000 கூடுவதா, 23,000 குறைவதா என்பதற்காக. அது சிறு தொகை இல்லை. ஆனாலும், இடையில் ஒருமுறை வேலை போய், கையில் பணமில்லாமல் கடன் அட்டையில் ஆறு மாதம் வாழ நேர்ந்தால், அந்த வித்தியாசத்தில் நல்ல பங்கு கரைந்துவிடும். எனவேதான் வருமானத்தைவிட, பணம் எப்போது கைக்கு வரும் என்பதை இந்த வயதில் முதலில் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.

இபிஎஃப் பக்கம் வருவோம். வழக்கமான சேமிப்புக்கான இலாப ஈவு 2020இல் 5.20, 2021இல் 6.10, 2022இல் 5.35, 2023இல் 5.50, 2024இல் 6.30 விழுக்காடு. சட்டப்படி அது உறுதி தருவது ஆண்டுக்கு 2.5 விழுக்காடு மட்டுமே என்றாலும், வாரியம் அதைவிட நன்றாகத் தந்துவந்திருக்கிறது. உங்கள் 4 விழுக்காட்டுக் கடனைவிட இபிஎஃப் மேல் என்று கணவர் சொல்வதை நான் மறுக்கமாட்டேன்.

ஆனால் அங்கே போடும் பணம் எங்கே போகிறது என்று பாருங்கள். 2024 மே மாதத்திலிருந்து 55 வயதுக்கு உட்பட்டவர்களின் சந்தா மூன்று கணக்குகளாகப் பிரிகிறது. ஓய்வுக்கால கணக்குக்கு 75 விழுக்காடு, செஜாத்ரா கணக்குக்கு 15, ஃபிளெக்ஸிபல் கணக்குக்கு 10. நீங்களாக விரும்பிப் போடும் பணத்துக்கும் இதே பிரிவுதான். 800 வெள்ளி போட்டால் 600 வெள்ளி 55 வயதுவரை பூட்டப்படுகிறது. எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடியது 80 வெள்ளி. செஜாத்ரா கணக்கிலிருந்து வீட்டுக் கடனைக் குறைக்க எடுக்கலாம் என்பது உண்மை. ஆனால் பதினேழரை ஆண்டில் கணவருக்கு 50 வயதுதான் ஆகியிருக்கும். அப்போது அந்த 278,000இல் பெரும்பகுதி ஓய்வுக்கால கணக்கில் இருக்கும், கடனை அடைக்க அதைத் தொட முடியாது. கடன் தவணை இன்னும் ஐந்து ஆண்டு தொடரும். கணக்குக்கு அது நட்டமில்லை, ஆனால் 'இபிஎஃப்பில் சேர்த்துவிட்டு ஐம்பதில் அடைத்துவிடலாம்' என்று நினைத்தால் நடக்காது.

இங்கேயே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பலர் செய்வது. செஜாத்ரா கணக்கில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் பணத்தை எடுத்து வீட்டுக் கடனில் கட்டுவது. 5 விழுக்காட்டுக்கு மேல் வளரும் பணத்தை எடுத்து 4 விழுக்காட்டுக் கடனை அடைப்பதால் ஒவ்வோர் ஆண்டும் நட்டமே. தவணை கட்ட முடியாத நெருக்கடி வந்தால் மட்டும் அதைத் தொடுங்கள்.

இபிஎஃப்பில் உங்களுக்கு உடனடியாகப் பயன்படும் ஓர் இடம் இருக்கிறது, அது வரி. தனிநபர் வரிச் சலுகையில் இபிஎஃப்புக்கு 4,000 வெள்ளி, ஆயுள் காப்புறுதிக்கு 3,000 வெள்ளி என்று இரண்டு பகுதிகள் உண்டு. கணவரின் சம்பளத்தில் பிடிக்கப்படும் 11 விழுக்காடு ஆண்டுக்கு 7,920 வெள்ளி; முதல் பகுதி அதிலேயே நிரம்பிவிட்டது. இபிஎஃப்பில் கூடப் போட்டால் வரி குறையும் என்று பொதுவாகச் சொல்வது இந்த இடத்தில் பலிக்காது. இரண்டாவது பகுதியில்தான் இடமிருக்கிறது: ஆயுள் காப்புறுதிக்குப் பயன்படுத்தாத மீதியை விருப்பச் சந்தாவுக்குப் பயன்படுத்தலாம். அவர் காப்புறுதிக்கு ஆண்டுக்கு 1,200 கட்டுகிறார், ஆக 1,800 வெள்ளிக்கு இடம். மாதம் 150 வெள்ளி.

அவருடைய ஆண்டு வருமானம் 72,000. தனிநபர் சலுகை 9,000, இபிஎஃப் 4,000, சொக்சோ 350 போனால் வரிக்குரிய வருமானம் 58,000க்கு மேல். மற்ற சலுகைகளையும் கழித்தால் இன்னும் இறங்கும், ஆனாலும் 50,000க்கு மேல் இருக்கும்வரை விளிம்பில் வரி 11 விழுக்காடு. 1,800க்கு 198 வெள்ளி வரி மிச்சம். போட்ட அதே ஆண்டில் 11 விழுக்காடு, அதன் மேல் இலாப ஈவு. இந்த 150 வெள்ளிக்குக் கடன் அடைப்பு ஈடாகாது. இதை உங்கள் பெயரில் செய்தால் உங்கள் வரி விளிம்பு 6 விழுக்காடும் அதற்குக் கீழும் என்பதால் பயன் பாதிதான். எனவே அவர் பெயரிலேயே போடுங்கள், ஐ-அக்கவுன் செயலி வழியாகவோ வங்கியின் இணையச் சேவை வழியாகவோ மாதாமாதம் கட்டலாம். ஆண்டு முடிவில் மொத்தமாகக் கட்டினாலும் வரிக்குச் சேரும். ஆனால் டிசம்பர் 31க்குள் கணக்கில் ஏற வேண்டும். கடைசி வாரம்வரை தள்ளாதீர்கள்.

யூனிட் டிரஸ்டைப் பற்றி நண்பரிடம் இரண்டு எண்கள் மட்டும் கேளுங்கள். விற்பனைக் கட்டணம் எவ்வளவு, ஆண்டு நிர்வாகக் கட்டணம் எவ்வளவு. முகவர் வழியாக வாங்கும் பங்கு நிதிகளில் விற்பனைக் கட்டணம் 5 விழுக்காட்டை ஒட்டி இருப்பது சாதாரணம். மாதம் 800 போட்டால் 40 வெள்ளி உள்ளே போகும் முன்பே போய்விடும். ஆண்டுக் கட்டணம் 1.5 விழுக்காடு என்றால், நிதி 5.5 விழுக்காடு ஈட்டினால்தான் உங்கள் கைக்கு 4 வரும். அதோடு, கடன் குறைப்பு உறுதியான 4. இது உறுதியில்லாத 4. நீண்ட காலத்துக்குப் பங்கு முதலீடு கூடாது என்று நான் சொல்லவில்லை. கட்டணம் குறைந்த இணைய வழிகளும் இருக்கின்றன. ஆனால் இரண்டு ஆண்டில் குழந்தை என்று நீங்கள் எழுதியிருப்பதால், அந்த நேரத்தில் சந்தை இறங்கியிருந்தால் நட்டத்தில் விற்க நேரும். இப்போது வேண்டாம்.

செமி ஃபிளெக்ஸி என்று வைத்துக்கொண்டு, உங்களுக்கு நான் சொல்வது இது. கையில் உள்ள 18,000இல் 8,000 வெள்ளியைச் சேமிப்புக் கணக்கில் விட்டுவிடுங்கள். 10,000 வெள்ளியைக் கடன் கணக்கில் போடுங்கள், மேலே சொன்ன சோதனையும் அதிலேயே முடிந்துவிடும். மாதம் மிஞ்சும் 800இல் 150 கணவரின் இபிஎஃப்புக்கு, 650 கடனுக்கு. இப்படிப் போனால் முப்பத்தோரு மாதத்தில் கடன் கணக்கில் 30,000 வெள்ளி கூடுதலாக நிற்கும். குழந்தை பிறக்கும்போது மருத்துவமனைச் செலவு, நீங்கள் சம்பளமில்லா விடுப்பு நீட்டித்தால் அந்த மாதங்களின் தவணை, அவருக்கு வேலை போனால் அரை ஆண்டுச் செலவு, எல்லாவற்றுக்கும் அதுவே காப்பு. வேலை போனால் சொக்சோவின் வேலைக் காப்புறுதித் திட்டம் முதல் மாதம் காப்புறுதிச் சம்பளத்தின் 80 விழுக்காட்டைத் தரும்; ஆனால் ஆறாம் மாதத்தில் அது 30 விழுக்காடாகச் சுருங்கிவிடும். அந்த இடைவெளியைத்தான் இந்தப் பணம் நிரப்ப வேண்டும்.

8,000 வெள்ளியை ஏன் வெளியே வைக்கச் சொல்கிறேன் என்றால், செமி ஃபிளெக்ஸியில் பணம் எடுக்கச் சில நாள் ஆகும். தவணை நிலுவையில் இருந்தால் வங்கி எடுக்க விடாமலும் போகலாம். நெருக்கடி வந்த பிறகு இரண்டு மாதத் தவணையைத் தவறவிட்டு, அதற்கப்புறம் எடுக்கப் போனால் கதவு மூடியிருக்கும். நெருக்கடி தெரிந்த அன்றே எடுத்து வையுங்கள்.

30,000 சேர்ந்த பிறகு, குழந்தைச் செலவு எப்படி அமைகிறது என்று பார்த்து, 650இன் பெரும்பகுதியை இபிஎஃப் பக்கம் திருப்புங்கள். அங்கிருந்துதான் கணவர் சொல்வது உண்மையிலேயே வெல்லும். வேண்டியபோது எடுக்கும் பணம் ஏற்கெனவே கடன் கணக்கில் இருப்பதால், பூட்டப்படும் பணத்துக்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. விருப்பச் சந்தாவுக்கு ஆண்டு உச்சவரம்பு 100,000 வெள்ளி. அது உங்களுக்குத் தடையாகாது.

உங்கள் கடன் சாதாரண வகை என்று தெரிந்தால் வரிசை மாறும். அப்போது 18,000த்தில் எதையும் அசலில் கட்டாதீர்கள், திரும்ப வராது. 150 வெள்ளி வழக்கம்போல இபிஎஃப்புக்கு. 650ஐ வைப்புத் தொகையிலோ, யூனிட் விலை எப்போதும் ஒரு வெள்ளியாகவே இருக்கும் அமானா சஹாம் மலேசியா வகைத் திட்டங்களிலோ சேருங்கள். இவற்றில் பூமிபுத்ரா அல்லாதோருக்கு ஒதுக்கீடு இருக்கும்வரைதான் வாங்க முடியும், அடிக்கடி தீர்ந்துவிடும், கிடைக்கும்போது வாங்குங்கள். எடுக்கும்போது அசல் குறையாது. 30,000 வந்த பிறகு, அதற்கு மேல் சேர்வதைக் கடனுக்கும் இபிஎஃப்புக்கும் எப்படிப் பிரிப்பது என்று முடிவு செய்யலாம். இந்த வழியில் வட்டியில் கொஞ்சம் இழப்பீர்கள். கையிருப்புக்கான விலை அது. செமி ஃபிளெக்ஸிக்கு மாற்றலாமா என்று வங்கியிடம் கேட்பது நல்லதே, ஆனால் வேறு வங்கிக்கு மாறும் முன் ஆஃபர் லெட்டரில் லாக்-இன் காலத்தைப் பாருங்கள். பொதுவாக மூன்று முதல் ஐந்து ஆண்டு. அதற்குள் முழுக்க அடைத்து வெளியேறினால் 2 அல்லது 3 விழுக்காடு அபராதம் வரும். 2023இல் வாங்கிய கடனுக்கு அந்தக் காலம் இன்னும் முடிந்திராமல் இருக்கலாம். 400,000க்கு 3 விழுக்காடு என்றால் 12,000 வெள்ளி. பகுதியாகக் கூடுதல் கட்டுவதற்கு இந்த அபராதம் பெரும்பாலும் கிடையாது, அதையும் அந்தக் கடிதத்திலேயே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இந்த 4 விழுக்காடு நிலையானதல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். உங்கள் 1.25 கடைசிவரை மாறாது. எஸ்பிஆர் பேங்க் நெகாராவின் ஓபிஆரோடு சேர்ந்தே ஏறி இறங்கும். 2023 மே மாதம் ஓபிஆர் 3.00 ஆனபோது நீங்கள் 4.25 கட்டினீர்கள், 2025 ஜூலையில் 2.75க்கு இறங்கியதும் 4.00க்கு வந்தது. ஓபிஆர் ஏறினால் கடனில் போட்ட பணத்தின் பயனும் அதே அளவு ஏறும். உங்கள் கடன் வட்டி 5 விழுக்காட்டைத் தாண்டினால், இபிஎஃப்புக்குத் திருப்பும் திட்டத்தை நிறுத்திவைத்துக் கடனிலேயே போடுங்கள்.

விகிதம் இறங்கும்போது ஒரு சிக்கல் வரும். வங்கி தவணையைக் குறைத்துக் கடிதம் அனுப்பும், கடன் காலம் அப்படியே நிற்கும். அசலில் பணம் கழித்த பிறகும் சில வங்கிகள் இதையே செய்யும். தவணை 1,850லிருந்து 1,790 ஆனால் அந்த 60 வெள்ளி சத்தமில்லாமல் வீட்டுச் செலவில் கலந்துவிடும். வங்கியில் போட்டிருக்கும் நிலையான மாற்றுக் கட்டளையை மாற்றாமல், மொத்தம் 2,500 வெள்ளியாகவே விட்டுவிடுங்கள். மாதத்தின் எந்தத் தேதியில் கட்டினால் அதிகப் பயன் என்று கணக்குப் போட வேண்டாம். 650 வெள்ளியை இருபது நாள் முன்னதாகக் கட்டினால் ஒன்றரை வெள்ளிகூட மிஞ்சாது. சம்பளம் விழுந்த மறுநாள் என்று வைத்தால் மறக்காமல் போகும், அவ்வளவுதான்.

உங்களைப் போன்ற கணக்கோடு, ஆனால் 2025 ஜனவரி முதல் 2027 டிசம்பர் வரை முதல் வீட்டுக்கு விற்பனை ஒப்பந்தம் போட்டவர்களுக்கு வட்டிக்கே வரிச் சலுகை உண்டு: 500,000 வெள்ளிவரையிலான வீட்டுக்கு ஆண்டுக்கு 7,000 வரை, 750,000 வரையிலான வீட்டுக்கு 5,000 வரை, தொடர்ந்து மூன்று ஆண்டுகள். கூடுதல் கட்டினால் வட்டி குறைந்து சலுகை போய்விடுமோ என்று அவர்கள் பயப்பட வேண்டாம். 4 விழுக்காட்டில் பாக்கி 175,000க்கு மேல் இருக்கும்வரை ஆண்டு வட்டி 7,000த்தைத் தாண்டியே இருக்கும். உங்கள் வீடு 2023இல் வாங்கியது என்பதால் இது உங்களுக்குப் பொருந்தாது.

பணம் இனி கணவரின் இபிஎஃப்பில் கூடுதலாகச் சேரப்போகிறது என்பதால், அவருடைய வாரிசு நியமனத்தை இந்த மாதமே திறந்து பாருங்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், திருமணத்துக்கு முன், அம்மாவின் பெயரைப் போட்டுவிட்டு அப்படியே விட்டவர்கள் நிறைய. அது அவருடைய அம்மாவுக்கே சேர வேண்டும் என்று அவர் நினைத்தால் அதுவும் சரி, தெரிந்து செய்ததாக இருக்கட்டும். அதே நேரத்தில் வீட்டுக் கடன் காப்புறுதிப் பத்திரத்தையும் எடுங்கள். கடன் இருவர் பெயரிலும் இருந்து, காப்புறுதி அவர் ஒருவர் மீது மட்டும் இருந்தால், உங்களுக்கு ஏதாவது ஆகும்போது முழுத் தவணையும் அவர் ஒற்றைச் சம்பளத்தில் விழும். கூடுதல் கட்டுவதால் கடன் குறையும்போது, காப்புறுதித் தொகை அதன் பழைய அட்டவணைப்படியே போகும். ரத்து செய்ய வேண்டாம், மிஞ்சும் தொகை யாருக்குச் சேரும் என்று மட்டும் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.